தினம் ஐந்நூறு ரூபாய் என்னும் கணக்கு

கையில் ஐம்பதாயிரம் ரூபாய் சேமிப்பு இருப்பவர் அஞ்சலகத்தில் ஓராண்டு டெபாசிட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 6.9 சதவீதம் என்றால், ஆண்டு முடிவில் சுமார் 3,540 ரூபாய் கிடைக்கும். மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் முந்நூறு ரூபாய்கூடத் தேறாது. அப்போதுதான், "இதே பணத்தை வைத்து இன்ட்ராடே செய்தால் தினம் ஐந்நூறு ரூபாய் எடுக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள்.

ஐம்பதாயிரத்துக்கு ஐந்நூறு என்பது ஒரு சதவீதம்தான். கேட்க எளிதாகவே இருக்கும். ஆனால் ஆண்டில் ஏறக்குறைய 240 நாள் சந்தை நடக்கிறது. தினம் ஐந்நூறு என்றால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது போட்ட பணத்தைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. உலகின் பெரிய முதலீட்டு நிறுவனங்களும் ஆண்டுதோறும் ஈட்டாத லாபம் இது.

லாபம் வருமா வராதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். செலவு மட்டும் உறுதியாக வரும். பங்கை வாங்கி அன்றைக்கே விற்பவருக்கு என்ன செலவாகும் என்று பார்ப்போம். குறைந்த கட்டணத் தரகு நிறுவனங்கள் பலவற்றில் ஒவ்வொரு ஆர்டருக்கும் 0.03 சதவீதம் அல்லது 20 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதை வாங்குகிறார்கள். ஐம்பதாயிரத்துக்கு வாங்க 15, விற்க 15, ஆக 30 ரூபாய். விற்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி 12 ரூபாய் 50 காசு. பங்குச் சந்தைக் கட்டணம், முத்திரை வரி, தரகின் மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தால் இன்னும் பத்து ரூபாய் போல. ஒருமுறை வாங்கி விற்க மொத்தம் சுமார் 53 ரூபாய்.

தினம் ஒரே ஒருமுறை இப்படிச் செய்தால்கூட ஆண்டுக்கு 12,700 ரூபாய் கட்டணத்துக்கே போகும். அஞ்சலகம் தரும் வட்டியைப் போல மூன்றரை மடங்கு அது. பங்கு ஏறினாலும் இறங்கினாலும் இதைக் கட்டியே ஆக வேண்டும்.

இதை வைத்து ஒரு மாதத்தைப் போட்டுப் பார்க்கலாம். ஜெயித்த நாளில் 400 ரூபாய் வரவு, தோற்ற நாளில் 400 ரூபாய் நட்டம் என்று கட்டுப்பாட்டோடு ஆடுகிறார். இருபது நாளில் பதினொரு நாள் ஜெயித்து, ஒன்பது நாள் தோற்கிறார். வரவு 800 ரூபாய். கட்டணம் 1,060 ரூபாய். பாதிக்கு மேற்பட்ட நாள்களில் சரியாகக் கணித்தும் கையைவிட்டு 260 ரூபாய் போகிறது. பன்னிரண்டு நாள் ஜெயித்தால்தான் 540 ரூபாய் மிஞ்சும். இந்தத் திறமை ஒவ்வொரு மாதமும் இருந்தால்தான் டெபாசிட்டைத் தாண்ட முடியும். தரகர் தரும் ஐந்து மடங்கு வரையிலான மார்ஜினைப் பயன்படுத்தினால் லாபம் பெருகும் என்பார்கள். நட்டமும் அதே அளவுக்குப் பெருகும். பங்கு நான்கு சதவீதம் எதிர்த்திசையில் போனால் ஒரே நாளில் பத்தாயிரம் ரூபாய் காலி.

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நட்டமடைந்தார்கள். அப்படித் தோற்றவர்கள், வர்த்தகத்தில் இழந்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் மேல் 57 ரூபாயைக் கட்டணமாகவும் கொடுத்திருக்கிறார்கள். நல்ல நிறுவனப் பங்கை வாங்கிப் பல ஆண்டு வைத்திருப்பது வேறு விஷயம்; இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

ஏற்கெனவே இறங்கிவிட்டவர் தன் நிலையை அறிய ஒரு வழி உண்டு. செயலியில் பச்சை நிறத்தில் தெரியும் லாபம் பெரும்பாலும் கட்டணம் கழிக்காத தொகை. அன்று மாலை மின்னஞ்சலில் வரும் கான்ட்ராக்ட் நோட்டில்தான் கழிவுகள் எல்லாம் இருக்கும். மூன்று மாத நோட்டுகளின் நிகரத் தொகையைக் கூட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

டெபாசிட்டுக்கும் குறை உண்டு. விலைவாசி ஏற்றம் வட்டியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இதனால் யாரும் பணக்காரர் ஆகிவிட முடியாது. அதன் பலன் வேறு. அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 2,000 ரூபாய் கட்டினால், 6.7 சதவீத வட்டியில் ஐந்தாண்டு முடிவில் போட்ட 1,20,000 ரூபாய் சுமார் 1,42,700 ஆகிறது. ஒரு மாதம் கட்டத் தவறினால் அபராதம் நூற்றுக்கு ஒரு ரூபாய், அதாவது இருபது ரூபாய்தான். பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு அவசரம் வந்தால், கணக்கில் இருப்பதில் பாதி வரை ஆர்.டி. வட்டியைவிட இரண்டு சதவீதம் கூடுதல் வட்டிக்குக் கடனாக எடுக்கலாம். கணக்கை மூட வேண்டியதில்லை.