ஒரே ஒரு யானையால் ராஜாவை மடக்குவது எப்படி?

யானை நிற்கும் குறுக்கு வரிசையையும் நெடுக்கு வரிசையையும் எதிரி ராஜாவால் தாண்ட முடியாது. அவைதான் பெட்டியின் சுவர்கள். உங்கள் யானை d4, ராஜா e3, எதிரி ராஜா e5 என்றால் பெட்டிக்குள் 16 கட்டங்கள். அவர் f5-க்கு நகர்ந்ததும் யானையை e4-இல் வையுங்கள், 12 ஆகிவிடும். பக்கத்திலேயே உங்கள் ராஜா காவல் நிற்பதால் யானையை வெட்ட முடியாது.

சுருக்க வழியில்லையா? வீணாக செக் வைத்து விரட்டாமல் ராஜாவைக் கொண்டு நெருக்குங்கள். கடைசியில் யானை g2, ராஜா f7 என்றால், மூலையில் h8-இல் இருப்பவர் h7-க்கு வந்தே ஆக வேண்டும். யானை h2, செக்மேட்!

அவசரம் மட்டும் கூடாது. ராஜா f6-இல் இருக்க யானையை g7-இல் வைத்தால், h8 ராஜாவுக்கு செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஆட்டம் டிரா.