பொதுத்தேர்வு என்னும் ஒரு சொல்லும் இருவேறு தேர்வுகளும்

2019 செப்டம்பரில் தமிழக அரசு, ஐந்தாம் வகுப்பிற்கும் எட்டாம் வகுப்பிற்கும் அவ்வாண்டு முதல் பொதுத்தேர்வு நடைபெறும் என ஆணையிட்டது. முதல் மூன்றாண்டுகளுக்கு எவரும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கப்பட மாட்டார் என்று அவ்வாணையிலேயே கூறப்பட்டிருந்தது. எனினும் பெற்றோரின் அச்சம் தணியவில்லை. பத்து வயதுக் குழந்தை வேற்றுப் பள்ளிக்குச் சென்று எழுத நேருமோ, தோற்றால் படிப்பே நின்றுவிடுமோ என்னும் வினாக்கள் ஊர்தோறும் எழுந்தன. எதிர்ப்பு வலுக்கவே, 2020 பிப்ரவரி 4 அன்று அவ்வாணை கைவிடப்பட்டது.

இவ்வச்சத்திற்குப் பெருங்காரணம் 'பொதுத்தேர்வு' என்னும் சொல்லே எனலாம். நம் மக்கள் அச்சொல்லால் அறிந்திருப்பது பத்தாம் வகுப்புத் தேர்வையும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வையுமே. கீழ்வகுப்புகளுக்குச் சட்டம் வகுத்துள்ள தேர்வோ நோக்கத்தாலும் விதியாலும் முற்றிலும் வேறானது. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் கூறுவது யாது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆம் பிரிவு, தொடக்கக்கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரை, எந்தக் குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்திவைக்கவோ பள்ளியிலிருந்து நீக்கவோ கூடாது எனத் தடுத்தது. 30ஆம் பிரிவோ, அக்காலத்திற்குள் எந்த வாரியத் தேர்விலும் தேறியாக வேண்டும் எனக் குழந்தையைக் கட்டாயப்படுத்தலாகாது என்றது. தொடக்கக்கல்வியை முடித்த ஒவ்வொரு குழந்தைக்கும் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும் என்பதும் அப்பிரிவில் அடங்கும்.

2019இல் 16ஆம் பிரிவு திருத்தப்பட்டது. ஐந்து, எட்டு ஆகிய வகுப்புகளில் ஆண்டிறுதியில் முறையான தேர்வு நடத்தப்பட வேண்டும்; தேறாத குழந்தைக்குக் கூடுதல் பயிற்சி அளித்து, முடிவு வெளியான இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும்; அதிலும் தேறாவிடின் நிறுத்திவைப்பதா வேண்டாவா என்பதை உரிய அரசு முடிவு செய்யலாம்; ஆயினும் பள்ளியை விட்டு நீக்குதல் கூடாது. இவையே அத்திருத்தத்தின் சாரம்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. 30ஆம் பிரிவு திருத்தப்படவில்லை. ஆகவே சட்டம் ஒரு கையால் 'முறையான தேர்வு நடத்துக' என்கிறது. மறுகையால் 'வாரியத் தேர்வில் தேறும்படி கட்டாயப்படுத்தாதே' என்கிறது. இரண்டும் ஒருங்கே நிற்க வேண்டுமாயின், முறையான தேர்வு வாரியத் தேர்வின் மறுவடிவமாக இருத்தல் இயலாது.

விடைத்தாள் செல்லும் வழி

இவ்விரு தேர்வுகளின் வேறுபாட்டை அறிய, விடைத்தாள் எங்கே செல்கிறது எனப் பின்தொடர்ந்து பார்த்தாலே போதும்.

பத்தாம் வகுப்பு மாணவரின் விடைத்தாள் தேர்வு அறையிலிருந்தே அவரைப் பிரிந்துவிடுகிறது. யாருடையது எனத் தெரியாவண்ணம் மறைக்கப்பட்டு, திருத்தும் மையத்தில் முன்பின் அறியாத ஓர் ஆசிரியரிடம் சேர்கிறது. திரும்பி வருவது மதிப்பெண் மட்டுமே. இக்கடுமைக்குத் தக்க காரணம் உண்டு. அச்சான்றிதழை நம்பி மேல்வகுப்பில் இடமோ வேலையோ அளிக்க வேண்டியவர் அம்மாணவரை அறியாதவர். அறியாதவர் நம்ப வேண்டுமாயின், மாணவரை அறிந்தவர் திருத்துதல் கூடாது. பறக்கும் படையும் பதிவெண்ணும் முத்திரையிட்ட உறைகளும் அந்நம்பிக்கையைக் காக்கவே உள்ளன. ஒரு பாடத்தில் 35 மதிப்பெண் பெறாதவர் துணைத் தேர்வு எழுதலாம். ஆனால் இடையில் அவருக்குப் பாடம் நடத்தும் கடமை தேர்வு நடத்தும் துறைக்கு இல்லை.

இனி ஐந்தாம் வகுப்பிற்கு வருவோம். ஒரு மாணவி 402இலிருந்து 178ஐக் கழித்து 376 என எழுதியிருக்கிறாள் எனக் கொள்வோம். சரியான விடை 224. மதிப்பெண் பட்டியலில் இது வெறும் சுழியம். ஆனால் விடைத்தாளைக் கையில் எடுக்கும் வகுப்பாசிரியர் பிழையின் வேரைக் கண்டுகொள்வார். ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை அவள் கழித்திருக்கிறாள்: 8இலிருந்து 2, 7இலிருந்து 0, 4இலிருந்து 1. அவளுக்குக் கழித்தல் தெரியும். கடன் வாங்கிக் கழித்தல் தெரியாது. நடுவே சுழியம் வரும்போது கடன் எங்கிருந்து வரும் என்பது விளங்கவில்லை. பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகவும், பத்துக் கட்டுகளை ஒரு பெருங்கட்டாகவும் கட்டி, பெருங்கட்டைப் பிரித்துக் காட்டினால் விளங்கிவிடும். சட்டம் கூறும் இரண்டு மாதங்கள் இதற்கே உரியன.

அதே விடைத்தாள் தொலைவிலுள்ள மையத்திற்குச் சென்று 'தேறவில்லை' என்னும் சொல்லாக மட்டும் திரும்பினால், ஆசிரியர் எதைக் கற்பிப்பார்? பழைய வினாக்களையே மீண்டும் எழுதச் செய்வார். மறுதேர்விலும் 376 என்றே விடை வரும். நோயை அறியவந்த கருவி நோயாளியைத் தண்டிக்கும் கருவியாக மாறுவது இவ்விடத்தில்தான்.

கர்நாடகம் கண்ட வழக்கு

இம்மயக்கம் நீதிமன்றம் வரை சென்றதைக் கர்நாடகத்தில் காணலாம். 2023 மார்ச்சில் ஐந்து, எட்டு ஆகிய வகுப்புகளுக்கு அம்மாநிலத் தேர்வு வாரியத்தின் வழியே மதிப்பீடு நடத்த அரசு முற்பட்டது. உயர்நீதிமன்றத் தனி நீதிபதி அதனை நீக்கினார். இரு நீதிபதிகள் அமர்வோ, பாடத்திட்டத்திற்கு வெளியே வினா கேட்கலாகாது, முடிவைப் பொதுவில் வெளியிடலாகாது, முடிவைக் கொண்டு எவரையும் நிறுத்திவைக்கலாகாது என்னும் கட்டுப்பாடுகளுடன் இசைவளித்தது. இக்கட்டுப்பாடுகளை உற்றுநோக்கின், வாரியத் தேர்வின் இயல்புகளை ஒவ்வொன்றாகக் களைவனவாக அவை அமைந்திருத்தல் புலனாகும்.

மறு ஆண்டு ஐந்து, எட்டு, ஒன்பது ஆகிய வகுப்புகளை உள்ளிட்டு வாரியத் தேர்வு மீண்டும் அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச் 11இல் தொடங்கிய தேர்வு உச்சநீதிமன்றத் தலையீட்டால் மறுநாளே தடைப்பட்டது. உயர்நீதிமன்றத்தின் இசைவுக்குப் பின் அம்மாத இறுதியில் தொடர்ந்து நடந்தது. ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றம் முடிவு வெளியீட்டுக்குத் தடை விதித்தது. பாதித் தேர்வு எழுதிவிட்டு மீதித் தாள் உண்டா இல்லையா எனக் காத்திருந்த சிறுவர்களே இவ்விழுபறியில் அல்லலுற்றவர்கள்.

இன்றைய நிலை

2024 டிசம்பரில் நடுவண் அரசு வெளியிட்ட விதிகளின்படி, கேந்திரிய வித்யாலயம், நவோதயா போன்ற நடுவண் அரசுப் பள்ளிகளில் மறுதேர்விலும் தேறாதவர் நிறுத்திவைக்கப்படுவர். அவ்விதிகளும் தேர்வு மனப்பாடத்தைச் சோதிப்பதாக இருத்தல் கூடாது என்கின்றன. நிறுத்திவைக்கப்பட்ட குழந்தையின் கற்றல் குறையை வகுப்பாசிரியர் கண்டறிந்து வழிகாட்ட வேண்டும். தலைமையாசிரியர் அத்தகையோரின் பட்டியலை வைத்து நேரில் கண்காணிக்க வேண்டும். தமிழகமோ எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைப்பதில்லை என்னும் நிலையையே 2025ஆம் ஆண்டின் மாநிலக் கல்விக் கொள்கையிலும் உறுதி செய்துள்ளது.

நிறுத்திவைக்காமையால் மட்டும் குறை தீர்ந்துவிடும் என்பதற்கில்லை. 376 என எழுதிய மாணவி அப்பிழையுடனேயே ஆறாம் வகுப்பிற்கும், பின்னர் பத்தாம் வகுப்பிற்கும் சென்றுவிடக்கூடும். அங்கே அவளுடைய விடைத்தாளைத் திருத்துபவர் அவளை அறியார், அறிதலும் கூடாது. அவளை அறிந்த ஆசிரியர் அவளுடைய பிழையைக் காணத்தக்க இடம் கீழ்வகுப்பே. ஆதலின், கீழ்வகுப்புத் தேர்வொன்று அறிவிக்கப்படும்போது பெற்றோர் கேட்க வேண்டிய முதல் வினா, 'எத்தனை மதிப்பெண் வேண்டும்?' என்பதன்று, 'விடைத்தாள் எங்கள் ஆசிரியர் கைக்குத் திரும்புமா? அதன்பின் இரண்டு மாதம் பாடம் நடக்குமா?' என்பதே.