நிறுமச் செயலாளரின் தன்விவரக் குறிப்பு: தாக்கல்களையும் தேதிகளையும் எழுதும் முறை

நிறுமச் செயலாளர் என்பவர், ஒரு கம்பெனி சட்டப்படி செய்ய வேண்டிய தாக்கல்களையும் இயக்குநர் குழுக் கூட்டங்களையும் கவனிக்கும் அலுவலர். பேச்சு வழக்கில் கம்பெனி செகரட்டரி என்பர். 1980ஆம் ஆண்டு நிறுமச் செயலாளர்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய நிறுமச் செயலாளர்கள் கழகத்தில் தேர்ச்சி பெற்று உறுப்பினரானவரே இப்பதவிக்கு வர முடியும். இவருடைய தன்விவரக் குறிப்பு, அதாவது ரெஸ்யூமே, மற்றவர்களுடையதிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. விற்பனை அலுவலர் எழுதும் சாதனையை வெளியார் சரிபார்ப்பது கடினம். செயலாளர் எழுதும் தேதிகளில் பல அரசின் இணையதளத்திலேயே கிடக்கின்றன.

ஓய்வுக்குப் பிறகு, உடுமலைப்பேட்டையில் என் பழைய மாணவர்கள் சிலர் தங்கள் குறிப்புகளைத் திருத்தக் கொண்டு வருவார்கள். அவற்றில் பெரும்பாலும் 'அனைத்துத் தாக்கல்களும் உரிய காலத்தில் செய்யப்பட்டன' என்று ஒரு வரி இருக்கும். எந்தத் தாக்கல், எந்த நாள் என்பது இருக்காது. அந்த வரியைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

இப்பகுதியில் யாருக்குச் செயலாளர் தேவை

செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, தனியார் கம்பெனியாக இருந்தாலும், முழுநேரச் செயலாளரை அமர்த்த வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கு மூலதன வரம்பு பார்ப்பதில்லை. உடுமலை, பல்லடம் பக்கத்து நூற்பாலைகள் சில இந்த வரம்புக்குள் வருகின்றன. திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் பல கூட்டாண்மையாகவோ தனி உரிமையாகவோ நடப்பவை. அவற்றுக்குக் கம்பெனிச் சட்டமே பொருந்தாது. அங்கே வேலை பார்த்துவிட்டு 'கம்பெனிச் சட்டத் தாக்கல்கள்' என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே சிக்கல் வரும்.

இன்னொரு குழப்பம், 'கம்ப்ளையன்ஸ் ஆபீசர்' என்ற பெயரில் இருக்கிறது. பட்டியலிடப்பட்ட கம்பெனியில் அது செபி விதிப்படியான பதவி. தகுதி பெற்ற நிறுமச் செயலாளரே அதை வகிக்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதி ஆலையில் அதே பெயர், வெளிநாட்டு வாங்குநரின் தணிக்கைக்கு ஊதியப் பதிவேடு, மிகைநேரக் கணக்கு, தீயணைப்பு வழி ஆகியவற்றை ஆயத்தப்படுத்துபவரைக் குறிக்கும். இரண்டும் உழைப்புதான், ஆனால் வேறு வேறு வேலை. பதவிப் பெயருக்கு அடுத்த வரியிலேயே எது என்று சொல்லிவிடுவது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு

12 கோடி ரூபாய் மூலதனமுள்ள ஒரு தனியார் நூற்பாலையைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் நிதியாண்டு 2023 மார்ச் 31இல் முடிந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள் நடத்த வேண்டும். ஆலை அதை செப்டம்பர் 27இல் நடத்தியது. இனி எல்லாக் கெடுவும் அந்த நாளிலிருந்தே ஓடும். நிதிநிலை அறிக்கையை 30 நாளுக்குள், அதாவது அக்டோபர் 27க்குள் தாக்கல் செய்ய வேண்டும். மூலதனம் 5 கோடியைத் தாண்டுவதால் சாதாரண AOC-4 படிவம் போதாது. AOC-4 XBRL படிவம் தேவை. ஆண்டறிக்கையான MGT-7 படிவத்துக்கு 60 நாள். அது நவம்பர் 26இல் முடிகிறது.

இதைக் குறிப்பில் இப்படி எழுதலாம்: '2022-23ஆம் நிதியாண்டு: பொதுக்கூட்டம் 27.9.2023, AOC-4 XBRL தாக்கல் 20.10.2023, MGT-7 தாக்கல் 15.11.2023, கூடுதல் கட்டணம் இல்லை.' மூன்று ஆண்டு பணி என்றால் மூன்று வரிகள். 'உரிய காலத்தில்' என்ற சொல்லே இதில் தேவைப்படவில்லை.

நேர்காணல் நடத்துபவர் இதை எப்படிச் சோதிப்பார்? mca.gov.in தளத்தில் கம்பெனியின் பெயரைக் கொடுத்தால் கடைசிப் பொதுக்கூட்டத் தேதியும் இருப்புநிலைக் குறிப்பின் தேதியும் கட்டணமின்றித் தெரியும். சிறு கட்டணம் செலுத்தினால் தாக்கலான படிவங்களையே பார்க்கலாம். கம்பெனியின் 21 எழுத்து அடையாள எண்ணில் TZ என்று இருந்தால் அது கோயம்புத்தூர் நிறுமப் பதிவாளரிடம் பதிவானது. திருப்பூர் மாவட்டம் அந்த அலுவலகத்தின்கீழ் வருகிறது. செயலாளர் சேர்ந்ததும் விலகியதும் DIR-12 படிவத்தில் பதிவாகின்றன. ஆகவே 2022இல் சேர்ந்தவர் 2021 தாக்கலைத் தன் கணக்கில் எழுதினால் அதுவும் வெளிப்படும்.

தாமதம் ஆகியிருந்தால்

இந்த இரு படிவங்களுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். அதற்கு உச்சவரம்பு இல்லை. 40 நாள் தாமதம் என்றால் ஒரு படிவத்துக்கு 4,000 ரூபாய். தொகை சிறிதாகத் தோன்றினாலும் தேதி பதிவில் நின்றுவிடுகிறது; தனியே தண்டத்தொகை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. இதை மறைப்பதைவிட, 'முந்தைய இரு ஆண்டுகளின் நிலுவைத் தாக்கல்களைப் பொறுப்பேற்ற ஐந்து மாதத்தில் முடித்தேன்' என்று எழுதுவது அனுபவமுள்ள முதலாளிக்கு அதிகம் சொல்லும். நிலுவையைத் தீர்ப்பது, ஒழுங்காக ஓடும் கம்பெனியில் தேதி தவறாமல் இருப்பதைவிடக் கடினமான வேலை என்பது என் எண்ணம்.

கூட்டங்களும் தணிக்கைகளும்

'ஆண்டுக்கு நான்கு இயக்குநர் குழுக் கூட்டங்கள்' என்ற வரி எதையும் நிறுவாது. ஏப்ரல் 10, ஜூன் 20, நவம்பர் 15, பிப்ரவரி 20 என நான்கு கூட்டங்கள் நடந்தாலும் சட்டம் மீறப்பட்டதாகவே பொருள். ஜூனுக்கும் நவம்பருக்கும் இடையே 148 நாள், அனுமதி 120 நாள்தான். எனவே கூட்ட எண்ணிக்கையோடு மிக நீண்ட இடைவெளியையும் எழுத வேண்டும். கூட்டம் முடிந்து 15 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பின் வரைவை இயக்குநர்களுக்கு அனுப்பி, 30 நாளுக்குள் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும். அந்தக் கால அளவு காக்கப்பட்டதா என்பதே செயலாளரின் கைவண்ணம். ஆனால் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பதை எழுதக் கூடாது. குறிப்பின் நகலை இணைப்பது அதைவிட மோசம். ஒருவர் தம் திறமையைக் காட்டக் கடன் தீர்மானம் ஒன்றின் நகலை இணைத்திருந்தார். அதை எடுத்துவிடச் சொன்னேன். நம் ரகசியத்தையும் நாளை இப்படித்தான் வெளியே கொடுப்பார் என்று புது முதலாளி நினைப்பார் அல்லவா?

தணிக்கை பற்றிய வரியில் ஒரு வினைச்சொல் பெரும் தவறாகிவிடும். வங்கிக் கடன் நிலுவை 100 கோடி ரூபாயை எட்டிய கம்பெனிக்கு, தனியார் கம்பெனியானாலும், செயலகத் தணிக்கை கட்டாயம். இயந்திரக் கடன் மிகுந்த நூற்பாலைகள் இதில் எளிதாக வந்துவிடும. அதைச் செய்து MR-3 படிவத்தில் அறிக்கை தருபவர் வெளியில் தொழில் நடத்தும் செயலாளர். ஆலையின் ஊழியர் அல்லர். ஆகவே ஊழியர் 'செயலகத் தணிக்கை செய்தேன்' என்று எழுதினால் விதி தெரியாதவர் என்றாகும். 'தணிக்கைக்கு ஆவணங்கள் அளித்தேன். அறிக்கையில் குறைக் குறிப்பு இல்லை' என்பதே சரி. குறை இருந்திருந்தால் அது எவ்வாறு சரி செய்யப்பட்டது என்று ஒரு வரி போதும்.

சாய ஆலை சார்ந்த பணியில் இருந்தவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எந்த நாள் வரை செல்லும், எந்த நாளில் புதுப்பிக்கப்பட்டது என்பதைத் தனி வரியாக எழுத வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி திருப்பூரின் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டதை இவ்வூரார் மறக்கவில்லை. கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்ட அவற்றுக்குக் கெடு மேல் கெடு தரப்பட்டிருந்தது. அதனால் இங்குள்ள ஆலை முதலாளி, AOC-4 தேதியைப் பார்க்கும் முன்பே இந்த வரியைத் தேடுவார்.