முதுகில் ஓர் அடி இடம்: அனுசரணைக் கடிதம் எப்படி வேலை செய்கிறது?

கற்பிட்டியில் மே முதல் செப்டெம்பர் வரை வீசும் காற்றை நம்பி, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெளிநாட்டார் வருகிறார்கள். அதே காற்றில் இருபதடிப் பதாகை கட்டினால், மதியத்துக்குள் கிழிந்து கம்பில் சுற்றிக்கொள்ளும். ஆனாலும் கல்லூரிச் சங்கங்களின் அனுசரணைக் கடிதங்களில் முதல் வாக்குறுதி பதாகைதான்.

நன்கொடை கேட்பவர் தன் தேவையைச் சொன்னால் போதும். அனுசரணை கேட்பவரோ ஒரு பண்டத்தை விற்கிறார். அந்தப் பண்டம், நிகழ்வுக்கு வருகிறவர்களின் கண்.

1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் 628 நிறுவனங்களின் பெயர்கள் நெருக்கியடித்தன. எதுவும் நெஞ்சில் நிற்கவில்லை. 1984இல் லொஸ் ஏஞ்சலிஸில் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் பீட்டர் யுபரோத் முப்பது சொச்சம் நிறுவனங்களோடு நிறுத்திக்கொண்டார். ஒரு தொழிலுக்கு ஒரே நிறுவனம் என்பது அவர் வைத்த விதி. படச்சுருள் இடத்துக்குக் கோடாக் பேரம் பேசிக்கொண்டிருக்க, ஃபியூஜி அதைத் தட்டிக்கொண்டு போனது. போட்டியாளர் உள்ளே வரமாட்டார் என்ற உறுதிக்குத்தான் பெரிய விலை.

புத்தளம் கரையோரக் கல்லூரி ஒன்று, சர்வதேச கரையோரத் தூய்மை நாளான செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை 200 மாணவர்களோடு கடற்கரையைத் துப்புரவாக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். டீசேட்டுக்கு 180,000 ரூபாய், மதியச் சோற்றுக்கு 80,000, கையுறை, சாக்கு, டிராக்டர் வாடகைக்கு 40,000. மொத்தம் 300,000. இதை அப்படியே ஒருவரிடம் கேட்டால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். டீசேட்டை ஒரு வங்கியிடமும், சோற்றைப் பணமாக அல்லாமல் சோறாகவே ஓர் உணவகத்திடமும் கேட்கலாம். குடிநீர் நிறுவனத்திடம் 200 போத்தல் வாங்கினால், பொறுக்க வந்த பிளாஸ்டிக்கை நாமே கொண்டுவந்தது போலாகும். பெரிய கலன்களாகக் கேட்பதே நல்லது.

வங்கிக்குப் போகும் கடிதத்தில் “தங்கள் நாமம் பிரபல்யமடையும்” என்ற வரியால் பயனில்லை. “200 சட்டைகளின் முதுகில் ஓர் அடி அகலத்தில் உங்கள் சின்னம், வேறு வங்கிக்கு இடமில்லை, இரண்டு வாரத்துக்குள் படங்களும் பற்றுச்சீட்டுகளின் பிரதிகளும்” என்று எழுதினால், கிளை முகாமையாளர் அதைக் கொழும்புக்கு அப்படியே அனுப்பலாம். பெரிய தொகைக்கு ஒப்புதல் பெரும்பாலும் தலைமையகத்திலிருந்தே வரவேண்டும். ஆகஸ்ட் கடைசியில் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வரும்போது கடற்கரை துப்புரவாகியிருக்கும். ஜூனிலேயே கொடுத்துவிட வேண்டும். காசோலை யாருடைய பெயருக்கு என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும்: சங்கக் கணக்குக்கு, பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு அல்ல.

யாரிடமும் கேட்கலாம் என்றும் இல்லை. புகையிலை, மதுசார நிறுவனங்கள் தங்கள் பெயரிலோ சின்னத்திலோ கல்வி, விளையாட்டு நிகழ்வுகளுக்கு அனுசரணை வழங்குவதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது.

கடைசியாக ஒரு படம் பாக்கி. வழக்கமான குழுப்படத்தில் எல்லாரும் கெமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். விற்ற இடமோ முதுகில் இருக்கிறது. டிராக்டர் புறப்படுமுன் மாணவர்களைக் கடலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி ஒரு படம் எடுத்துவிட வேண்டும்.