லீட் வராத ஏஜென்சிக்கு எழுதும் கடிதம்: முதலில் கணக்கு, பிறகு பணம்

மாதம் இத்தனை லீட் தருகிறோம் என்று ஒப்புக்கொண்ட டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி, அதில் கால்வாசிகூடத் தராதபோது வாடிக்கையாளர் எழுதும் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் இருக்கும். ஒன்று, செய்த வேலைக்கான ரிப்போர்ட். இன்னொன்று, கொடுத்த பணத்தில் ஒரு பகுதி. பெரும்பாலோர் கோபத்தில் பணத்தை முதலில் எழுதி, ரிப்போர்ட்டைக் கடைசி வரியில் சேர்ப்பார்கள். வரிசை மாறினால் கடிதத்தின் பலம் போய்விடும். விளம்பரத்துக்கு எவ்வளவு செலவானது, யாருக்கு அது காட்டப்பட்டது என்று தெரியாமல் கேட்கும் தொகைக்கு அடிப்படை இருக்காது. 'எங்கள் மேல் தப்பில்லை, மார்க்கெட் டல்' என்று ஏஜென்சி ஒரே வரியில் முடித்துவிடும்.

கோவையில் மாடுலர் கிச்சன் செய்துதரும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதத்துக்கு ஒரு ஏஜென்சியுடன் ஒப்பந்தம். மாதம் 100 லீட், அதாவது கோவையிலும் அதைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள்ளும் சமையலறை வேலை செய்ய நினைப்பவர்களின் பெயரும் சரியான போன் நம்பரும். ஏஜென்சியின் சேவைக் கட்டணம் மாதம் 25,000 ரூபாய். லேண்டிங் பேஜ் ஒன்று செய்துதர ஒருமுறைக் கட்டணம் 15,000. இந்த இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. இதற்கு மேல், கூகுளுக்கும் மெட்டாவுக்கும் கட்ட வேண்டிய விளம்பரப் பணம் மாதம் 40,000. இதையும் நிறுவனம் ஏஜென்சியிடமே கொடுத்தது.

மூன்று மாத முடிவில் 300க்குப் பதில் வந்தவை 118. வந்தவற்றில் 22 தவறான நம்பர்கள், 9 பேர் இரண்டாம் முறை வந்தவர்கள், 34 பேர் சென்னை, மதுரை, கொச்சி என்று எல்லைக்கு வெளியே இருப்பவர்கள். கழித்தால் மிஞ்சுவது 53. இந்த 53 பேரில் எத்தனை பேர் ஆர்டர் கொடுத்தார்கள் என்பது கடிதத்துக்குத் தேவையற்ற கேள்வி. லீட் என்பது விசாரணை, விற்பனை அல்ல. 'விலை ஜாஸ்தி' என்று போனை வைத்தவரும், 'தீபாவளி கழிச்சுப் பாக்கலாம்' என்றவரும் ஒப்பந்தப்படி சரியான லீட்தான். அவர்களையும் குறை கணக்கில் சேர்த்தால், ஏஜென்சி அந்த ஒரு தவற்றைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கணக்கையும் தள்ளிவிடும்.

எனவே கடிதத்துக்கு முந்தைய வேலை, 118 பெயரையும் ஒரு எக்ஸெல் தாளில் எழுதுவது. வந்த தேதி, முதல் போன் செய்த தேதியும் நேரமும், பேசியவர் சொன்னது என்று மூன்று விவரம் போதும். இந்தத் தாள் நிறுவனத்தின் சொந்தக் குறையையும் காட்டிவிடும். எடுத்துக்காட்டில் 11 பேருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் போன் போயிருக்கிறது. அதை மறைக்காமல் கடிதத்திலேயே எழுதுவது நல்லது. ஏஜென்சி கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் தானே சொன்னால், மற்ற எண்களையும் நம்ப வேண்டியிருக்கும்.

ரிப்போர்ட் என்று பொதுவாகக் கேட்டால் வண்ணப் படங்கள் போட்ட ஒரு பிடிஎஃப் வரும். அதில் 'இம்ப்ரெஷன் 4 லட்சம், ரீச் 1.5 லட்சம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். விளம்பரம் எத்தனை முறை திரையில் வந்தது என்பது அதிலிருந்து தெரியும். பணம் எங்கே போனது என்பது தெரியாது. கேட்க வேண்டியவற்றைப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். முதலாவது, கூகுளும் மெட்டாவும் கொடுத்த மாதாந்தர பில்கள். இரண்டாவது, விளம்பரக் கணக்கைப் பார்வையிட மட்டும் அனுமதி. இரண்டு தளங்களிலும் எதையும் மாற்ற முடியாமல், பார்க்க மட்டும் ஒருவரைச் சேர்க்கும் வசதி உண்டு. அதைத் தர ஏஜென்சிக்குச் சில நிமிடங்கள் போதும். வேறு வாடிக்கையாளர்களின் விளம்பரமும் அதே கணக்கில் ஓடுகிறது என்று மறுத்தால், அந்த நிறுவனத்துக்கான விளம்பரங்களின் விவரத்தை மட்டும் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய கோப்பாகக் கேட்கலாம்.

கணக்கைத் திறந்தால் மூன்று இடங்களில் பெரும்பாலான விடை கிடைத்துவிடும். கூகுளில் இடம் தேர்வு செய்யும் பகுதியில் Presence or interest என்று ஓர் அமைப்பு உண்டு. அதை அப்படியே விட்டால், கோவையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்லாமல் கோவையில் ஆர்வம் காட்டுகிறவர்கள் என்று கூகுள் கருதும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் போகும். எல்லைக்கு வெளியிலிருந்து 34 பேர் வந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்து Search terms என்ற பட்டியல். மக்கள் தேடிய சொற்கள் அதில் தெரியும். 'மாடுலர் கிச்சன் வேலைவாய்ப்பு', 'பழைய கிச்சன் கேபினட் விற்பனை' போன்ற தேடல்களுக்கு வாரக்கணக்கில் பணம் போயிருந்தால், வேண்டாத சொற்களை யாரும் விலக்கவில்லை என்று பொருள். மூன்றாவது Change history. கணக்கில் யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்பதைக் கூகுள் இரண்டு ஆண்டு வரை இதில் காட்டும். ஜூலை முழுக்க ஒரு மாற்றமும் பதிவாகவில்லை என்றால், அந்த மாதம் 25,000 ரூபாய் எந்த வேலைக்கு என்ற கேள்வியைத் தேதியோடு கேட்கலாம்.

தவறான நம்பர்களின் காரணம் பெரும்பாலும் மெட்டாவின் படிவத்தில் இருக்கும். ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ விளம்பரத்தைத் தட்டியதும் திறக்கும் படிவத்தில், பயனர் என்றோ கொடுத்த பெயரும் நம்பரும் தாமாகவே நிரம்பிவிடும். பழைய நம்பராக இருந்தாலும் அப்படியே போய்ச் சேரும். கை தவறித் தட்டியவரும் லீட் ஆகிவிடுவார். இதைக் குறைக்க Higher intent என்ற வகைப் படிவம் உண்டு. அனுப்பும் முன் விவரத்தைச் சரிபார்க்கும் ஒரு படி அதில் கூடுதலாக வரும். எண்ணிக்கை குறையும், தரம் கூடும். ஏஜென்சி எந்த வகையைப் பயன்படுத்தியது என்று கேட்பது நியாயமான கேள்வி.

கடிதம் அனுப்பும் தேதிக்கும் இதில் முக்கியத்துவம் உண்டு. மெட்டா படிவத்தில் வந்த லீட் விவரங்களை, அவை வந்த நாளிலிருந்து 90 நாள் வரைதான் இறக்கிக்கொள்ள முடியும். எடுத்துக்காட்டில் செப்டம்பர் 5 அன்று கடிதம் போனால், ஜூன் முதல் வாரத்து விவரங்கள் அப்போதே கைநழுவியிருக்கும். 'இன்னும் ஒரு வாரம் பொறுங்க சார்' என்ற வாட்ஸ்அப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் ஒரு வாரச் சான்று அழிகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, கொடுத்த தொகையை மூன்றாகப் பிரிப்பதில்தான் கடிதத்தின் நியாயம் இருக்கிறது. விளம்பரப் பணம் 1,20,000 ஏஜென்சியின் வருமானம் அல்ல, அதன் வழியாகத் தளங்களுக்குப் போக வேண்டியது. செலவானதைத் திருப்பிக் கேட்க முடியாது, செலவாகாததை முழுதாகக் கேட்கலாம். இங்கே ஒரு சந்தேகம் எழும். மாதம் 40,000 கொடுத்திருக்க, விளம்பரக் கணக்கு சுமார் 33,900 என்றுதான் காட்டும். தளங்களின் பில்லிலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்வதால் வரும் வித்தியாசம் அது, களவு அல்ல. அதற்கும் கீழே போனால்தான் கேள்வி. லேண்டிங் பேஜ் செய்யப்படவே இல்லை என்பதால் அந்த 15,000 முழுதும் திரும்ப வேண்டும். மிச்சம் சேவைக் கட்டணம். முதல் மாதம் விளம்பரங்கள் நிலைபெறும் காலம் என்று விட்டுக்கொடுக்கலாம். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தில் 200க்குப் பதில் சரியான லீட் 38. அந்த மாதங்களின் கட்டணம் 50,000இல் பாதியைக் கேட்பது, ஏஜென்சி செய்த வேலைக்கும் இடம் விட்டுக் கேட்பதாகும். ஆக 40,000, ஜிஎஸ்டி 7,200 சேர்த்து 47,200. இதற்கு ஏஜென்சி கிரெடிட் நோட் தர வேண்டும். அந்த வரியை உள்ளீட்டு வரியாக ஏற்கெனவே எடுத்திருந்தால் நிறுவனம் அதைத் திருப்பிக் காட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவும் சேர்ந்தபின் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. அதன் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, மே 28 தேதியிட்ட வொர்க் ஆர்டரின்படி மூன்று மாதத்தில் 300 லீட் தர ஒப்புக்கொண்டீர்கள். எங்களுக்கு வந்தவை 118, அவற்றில் ஒப்பந்தத்தின் வரையறைக்குள் வருபவை 53. பெயர்வாரியான பட்டியலை இணைத்துள்ளோம். 11 பேருக்கு நாங்கள் தாமதமாகப் போன் செய்தோம்; அவர்களையும் சரியான லீட்டாகவே கணக்கிட்டுள்ளோம். கூகுள், மெட்டா பில்களையும் விளம்பரக் கணக்கைப் பார்வையிடும் அனுமதியையும் 7 நாளுக்குள் தரவும். செலவாகாத விளம்பரப் பணத்தையும், கீழே கணக்கிட்டுள்ள 47,200 ரூபாயையும் 15 நாளுக்குள் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பட்டியலில் தவறு இருந்தால் எந்தப் பெயர் என்று குறிப்பிட்டு எழுதவும்."

கடைசி வாக்கியத்தில்தான் பேச்சு எண்ணத்திலிருந்து எண்ணுக்கு மாறுகிறது. 'மோசடி', 'ஏமாற்று' போன்ற சொற்களுக்கு இதில் இடமில்லை. நிரூபிக்காத குற்றச்சாட்டு எழுத்தில் இருந்தால் அது எழுதியவருக்கு எதிராகவே திரும்பலாம். மின்னஞ்சலோடு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பினால் பெற்றுக்கொண்டதற்குச் சான்று இருக்கும்.

நுகர்வோர் ஆணையத்தை வைத்து எச்சரிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆட்கள் வைத்து நடத்தும் நிறுவனத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். மிஞ்சுவது வக்கீல் நோட்டீசும் சிவில் நீதிமன்றமும். வழக்குத் தொடர மூன்று ஆண்டு கால வரம்பு உண்டு என்றாலும், இந்த அளவுத் தொகைக்கு வழக்குச் செலவே மிஞ்சிவிடும். பேசி முடிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

எடுத்துக்காட்டில் ஏஜென்சி பில்களைத் தருகிறது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து, வரி உட்பட 1,02,000. மீதி 18,000. ஆகஸ்ட்டில் நிறுவனமே ஒரு வாரம் விளம்பரத்தை நிறுத்தச் சொன்னதையும் ஏஜென்சி சுட்டிக்காட்டுகிறது, அது உண்மையும்கூட. சேவைக் கட்டணத்தில் 25,000க்குப் பதில் 15,000, லேண்டிங் பேஜ் 15,000, இரண்டுக்கும் வரி 5,400, செலவாகாத 18,000 என்று 53,400 ரூபாயில் உடன்பாடு ஆகிறது. 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும்: நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கம், டொமைன், கூகுள் பிசினஸ் புரொஃபைல் ஆகியவற்றின் முழு உரிமை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றப்பட்டது, ஏஜென்சியின் அனுமதி நீக்கப்பட்டது என்ற வரி. மாற்றியதைத் திரையில் பார்த்த பிறகே கையெழுத்து.