முதல்வரின் மேசைக்கு இரண்டு பக்கம்

கல்லூரியில் வழிகாட்டித் திட்டம் தொடங்க விரும்பும் இளம் ஆசிரியர்கள் பலரும், "மாணவர்களின் தன்னம்பிக்கையை வளர்த்தல், ஆளுமையை மேம்படுத்துதல்" என்றுதான் முன்மொழிவைத் தொடங்குகிறார்கள். முதல்வர் படித்துவிட்டு, "நல்லது, பார்க்கலாம்" என்பார். கோப்பு அத்தோடு நின்றுவிடும். தன்னம்பிக்கை கூடியதா என்று செமஸ்டர் முடிவில் காட்ட வழியில்லாத திட்டத்துக்கு அவர் எப்படி வகுப்பு நேரத்தை ஒதுக்குவார்? கல்லூரி ஏற்கெனவே பதிவு செய்துவரும் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் பேச்சு வேறு திசையில் போகும்.

ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியின் இயற்பியல் துறையை எடுத்துக்கொள்வோம். முதலாண்டில் 48 பேர். பாதிக்கு மேல் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். சென்ற ஆண்டு முதல் செமஸ்டரில் துணைப்பாடமான கணிதத்தில் 21 பேருக்கு அரியர். இந்த எண் தேர்வுப் பிரிவில் இருக்கிறது. ஆகவே குறிக்கோளை ஒரே வரியில் எழுதிவிடலாம்: "இந்த ஆண்டு முதல் செமஸ்டரில் துணைப்பாடக் கணிதத்தில் அரியர் வைப்போர் எண்ணிக்கையை 14-க்குள் கொண்டுவருதல்." அந்தத் தாளை முதல் முயற்சியிலேயே முடித்த இரண்டாமாண்டு மாணவர்கள் 12 பேர் வழிகாட்டிகள்; ஒருவருக்கு நான்கு பேர்.

அடுத்தது கால அட்டவணை. திட்டங்கள் சரிவது பெரும்பாலும் இங்கேதான். "வகுப்பு முடிந்ததும் சந்திப்பு" என்று எழுதினால், கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கிராமத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். திட்டம் யாருக்காகவோ, அவர்களே விடுபட்டுப் போவார்கள். "ஒவ்வொரு புதன்கிழமையும்" என்றும் எழுத முடியாது. பல கல்லூரிகளில் பாடவேளை கிழமைப்படி இல்லாமல் டே ஆர்டர்படி நடக்கிறது. நடுவில் ஒரு விடுமுறை வந்தாலே கிழமையும் டே ஆர்டரும் பிரிந்துவிடும். முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் பொதுவாக நூலக நேரம் விழும் டே ஆர்டரைக் கண்டுபிடித்து அதைக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து பத்துச் சந்திப்புகள் போதும். இன்டர்னல் தேர்வு நடக்கும் வாரங்களை விட்டுவிடலாம்.

மதிப்பீட்டு முறையில் ஒரு பொறி இருக்கிறது. முதல் இன்டர்னலில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் இரண்டாவதில் கூடுதலாக வாங்கினால், திட்டம் வென்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் ஒரு தேர்வில் மிகவும் சறுக்கியவர்களில் சிலர் எந்த உதவியும் இல்லாமலே அடுத்ததில் ஏறிவிடுவார்கள். அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். கேள்வித்தாளின் போக்கு புரியாமல் இருந்திருக்கலாம். அதனால் ஒப்பிட வேண்டியது சென்ற ஆண்டு மாணவர்களின் அதே தாள் முடிவோடு.

சந்திப்புக்கு ஒழுங்காக வந்தவர்களை மட்டும் எண்ணுவதும் தவறு. அவர்கள் இயல்பிலேயே அக்கறையுள்ளவர்களாக இருக்கக்கூடும். பெயர்ப்பட்டியலில் உள்ள 48 பேரையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் 21 பேர் 18 ஆகக் குறைந்தால் அதைத் திட்டத்தின் பலன் என்று சொல்லிவிட முடியாது. கேள்வித்தாள் சற்று எளிதாக அமைந்தாலே அந்த வித்தியாசம் வந்துவிடும். இந்த வரம்பை முன்மொழிவிலேயே எழுதிவிடுவது நல்லது. அனுபவமுள்ள முதல்வருக்கு அந்த வரி நம்பிக்கை தரும்.

செமஸ்டர் முடியும் வரை காத்திருக்காமல் நடுவிலேயே நிலைமையை அறிய ஒவ்வொரு வழிகாட்டியிடமும் ஒரு நோட்டு இருக்கட்டும். தேதி, வந்தவர்கள், போட்ட கணக்கு ஆகிய மூன்றும் போதும். ஐந்தாவது சந்திப்பில் வருகை பாதிக்குக் கீழே இருந்தால் நேரத்தையோ குழுவையோ மாற்றுவோம் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

துறைத்தலைவரின் கையெழுத்து வாங்கிய பிறகே முதல்வரைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சில் பாதி அவருடைய கேள்விகளுக்கு. "ஆசிரியர்களுக்குக் கீழே மாணவர்களைப் பிரித்து ஏற்கெனவே வழிகாட்டி முறை இருக்கிறதே?" என்று அவர் கேட்கலாம். அது வருகை, குடும்பச் சூழல் முதலியவற்றைக் கவனிக்கும் ஏற்பாடு, இது ஒரே ஒரு தாளுக்கான உதவி என்று விளக்கலாம். "சீனியர்களை ஜூனியர்களிடம் அனுப்பினால் ராகிங் புகார் வராதா?" என்பது இன்னும் கனமான கேள்வி. தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளும் கல்லூரியைப் பொறுப்பாக்குகின்றன. ஆகவே எல்லாக் குழுக்களும் ஒரே வகுப்பறையில், ஓர் ஆசிரியர் முன்னிலையில் மட்டும் சந்திக்கும். அறைக்கு வெளியே தனிச் சந்திப்பு கிடையாது என்ற ஏற்பாடு முன்மொழிவிலேயே இருக்க வேண்டும்.

கடைசியாக, என்ன அனுமதி வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: ஒரு துறை, ஒரு தாள், ஒரு செமஸ்டர், வாரம் ஒரு நூலக நேரம், பொறுப்பாசிரியர் ஒருவர். முடிவு வந்த இரண்டு வாரத்தில் ஒரு பக்க அறிக்கை தருவதாகத் தேதியோடு எழுதுங்கள். இவ்வளவு சிறிய அனுமதியைத் தருவது முதல்வருக்குச் சிரமமில்லை. எண்ணிக்கை குறையாவிட்டால் திட்டத்தை நிறுத்துவதும் எளிது.