பதினாறாவது இலக்கம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவு. சனிக்கிழமை மதியம். மேசையில் நான்கு பில்கள். இரண்டு சாயப்பட்டறையினுடையவை, ஒன்று நூல் மில்லினுடையது, இன்னொன்று அட்டைப்பெட்டிக்காரருடையது. நான்கும் பாஸ் ஆகிவிட்டன. சரக்கு வந்ததை ஸ்டோர்காரர் பார்த்திருக்கிறார், விலையை பர்ச்சேஸ்காரர் ஒப்பிட்டிருக்கிறார், முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி இவற்றை ஒரு கோப்பாக்கி வங்கியின் தளத்தில் ஏற்றினால் எல்லோருக்கும் பணம் போய்விடும். இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பில்லைப் பாஸ் செய்யும்வரை நாலு கண்கள் பார்க்கின்றன. அதன்பிறகு கோப்பு தயாராகும் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் ஒருவர்தான் பார்க்கிறார்.

முதலில் தொகை. பாஸ் ஆன பில்லில் இருக்கும் தொகை வேறு, கொடுக்க வேண்டிய தொகை வேறு. சாயப்பட்டறையின் பில்கள் ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 1,26,000, 84,000 ரூபாய். மொத்தம் 2,10,000. வரி நீங்கலாகக் கூலி மட்டும் 2,00,000. கூலிக்கு டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். பட்டறை கூட்டு நிறுவனம் என்பதால் 2 சதவீதம். தனிநபர் நடத்துவதாக இருந்தால் 1 சதவீதம். ஜி.எஸ்.டி. பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருப்பதால் அதன்மேல் பிடித்தம் கிடையாது. ஆக 4,000 ரூபாய். போன மாதம் ஒரு லாட்டில் நிறம் மாறி வந்ததற்காகப் போட்ட டெபிட் நோட் 18,500. இரண்டையும் கழித்தால் அனுப்ப வேண்டியது 1,87,500.

இங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் குறைந்தபட்சத் தொகை 2 லட்சம். பில் தொகையைப் பார்த்து முதலிலேயே ஆர்.டி.ஜி.எஸ். என்று குறித்துவிட்டு, பிறகு பிடித்தங்களைக் கழித்தால், 1,87,500 ரூபாய் வரி வங்கியில் நிராகரிக்கப்படும். எந்த வழியில் அனுப்புவது என்பதை நிகரத் தொகை வந்தபிறகே எழுத வேண்டும். இந்த வரி நெஃப்டில் போக வேண்டும். நூல் மில்லின் 6,30,000 ஆர்.டி.ஜி.எஸ்., அட்டைப்பெட்டியின் 47,250 நெஃப்ட்.

ஒரே சப்ளையருக்கு இரண்டு பில்லை ஒரே வரியாகச் சேர்த்ததால், நான்கு பில்கள் கோப்பில் மூன்று வரிகளாகிவிட்டன. ஆகவே எண்ணிக்கை பொருந்தவில்லை என்று பயப்பட வேண்டாம்; வித்தியாசத்துக்குக் கணக்குச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பாஸ் ஆன பில்களின் கூட்டுத்தொகை 8,87,250. பிடித்தங்கள் 22,500. கோப்பின் கூட்டுத்தொகை 8,64,750. இந்த மூன்று எண்களும் ஒரு தாளில் இருந்தால், ஒப்புதல் கொடுப்பவர் கோப்பைத் திறக்காமலே பாதிச் சோதனையை முடித்துவிடலாம்.

ஆனால் பாதிதான். தொகை சரியாக இருந்தும் பணம் வேறு யாருக்காவது போகலாம்.

நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வங்கி வரவு வைக்கலாம். எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புகிறவரின் பொறுப்பு. பெயரைச் சரியாக எழுதி, எண்ணைத் தப்பாக எழுதினால், அந்த எண்ணில் ஒரு கணக்கு இருக்கும் பட்சத்தில் பணம் அங்கே போய்விடும். 2025 ஏப்ரல் முதல் கணக்கு எண்ணைக் கொடுத்தால் உரியவரின் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. புது சப்ளையரைச் சேர்க்கும்போது அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் மொத்தக் கோப்பை ஏற்றும்போது ஒவ்வொரு வரிக்கும் அது தானாக நடக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

எண் தப்பாவது பெரும்பாலும் விரல் பிசகால் அல்ல, எக்ஸெலால். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைக்கும். சில வங்கிகளின் கணக்கு எண்ணோ 16 இலக்கம். அக்கவுண்ட்ஸ் மென்பொருள் தந்த சி.எஸ்.வி. கோப்பை, ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இரட்டைக் கிளிக்கில் திறந்தால் 1234567890123456 என்ற எண் 1.23457E+15 என்று தெரியும். இது கண்ணை உறுத்துகிறதே என்று அந்தக் கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்றினால் 1234567890123450 என்று அழகாக வந்து நிற்கும். கடைசி 6 பூஜ்யமாகிவிட்டது. பார்க்கும் யாருக்கும் சந்தேகம் வராது. முன்னால் பூஜ்யங்களோடு தொடங்கும் கணக்கு எண்ணாக இருந்தால் அந்தப் பூஜ்யங்களும் காணாமல் போயிருக்கும். சேமித்துவிட்டால் பழைய எண் திரும்ப வராது. மென்பொருளிலிருந்து கோப்பை மறுபடி எடுப்பதுதான் வழி. எனவே சி.எஸ்.வி. கோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் நோட்பேடில் திறங்கள். எக்ஸெலில் வேலை செய்தாக வேண்டுமென்றால், எண்களைப் போடுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எக்ஸெலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நான் நேரில் பார்த்தது. பெயர் வரிசைப்படி அடுக்கலாம் என்று ஒருவர் ஒரே ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து சார்ட் செய்துவிட்டார். பெயர்கள் இடம் மாறின; கணக்கு எண்களும் தொகைகளும் அப்படியே இருந்தன. கூட்டுத்தொகை சரி, வரிகளின் எண்ணிக்கையும் சரி. சில அலுவலகங்களில் கணக்கு எண்களையே கூட்டி ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருப்பார்கள். அதுவும் சரியாகவே வரும், ஏனென்றால் எண் எதுவும் மாறவில்லை, ஜோடிதான் மாறியது. இதைப் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு வரியையும் சப்ளையர் மாஸ்டரோடு ஒப்பிடுவது. கோப்பில் சப்ளையர் பெயர் A பத்தியிலும் கணக்கு எண் D பத்தியிலும், மாஸ்டரிலும் அதே பத்திகளிலும் இருந்தால் இது போதும்:

```
=EXACT(D2,VLOOKUP(A2,Master!A:D,4,FALSE))
```

எல்லா வரியிலும் TRUE வர வேண்டும். இதற்கு COUNTIF-ஐப் பயன்படுத்த வேண்டாம். டெக்ஸ்டாக இருக்கும் எண்ணையும் அது எண்ணாக மாற்றிப் பார்ப்பதால், 16ஆவது இலக்கம் மட்டும் வேறுபடும் இரண்டு கணக்குகளை ஒன்றென்று சொல்லிவிடும்.

மாஸ்டரே தப்பாக இருந்தால்? அங்கேதான் ஏமாற்றுக்காரர்கள் நுழைகிறார்கள். சப்ளையரின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும்: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள் என்று. வாசகம், லெட்டர்ஹெட் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யக் கூடாது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில், வழக்கமாகப் பேசும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். "அண்ணே, பேங்க் மாத்திட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை. "இல்லையே தம்பி" என்று பதில் வந்தால் 6,30,000 ரூபாய் தப்பியது. நியாயமான மாற்றங்களும் உண்டு. கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தபின், LAVB என்று தொடங்கிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் DBSS ஆயின. போன வாரம் வரை அனுப்பிய கோப்புக்கும் இன்றைய கோப்புக்கும் இடையே எந்தச் சப்ளையரின் கணக்கு விவரம் மாறியிருக்கிறது என்ற பட்டியலை வாராவாரம் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது காலியாக இருக்கும். ஒரு பெயர் வந்தால் அன்று ஒரு போன்.

கோப்பை ஏற்றியதும் வங்கித் தளம் வரிகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் காட்டும். ஒப்புதல் கொடுப்பவர் அதை அந்தத் தாளில் இருக்கும் 3 வரி, 8,64,750 ரூபாயோடு ஒப்பிட வேண்டும், ஏற்றியவர் வாயால் சொல்வதோடு அல்ல. அட்டைப்பெட்டிக்காரரின் பெயரில் ஒரு காற்புள்ளி இருந்தால்கூட அந்த வரியின் பத்திகள் ஒன்று தள்ளிப்போய் நிராகரிக்கப்படலாம். அப்போது திருத்திய கோப்பை முழுதாக மறுபடி ஏற்றினால் சாயப்பட்டறைக்கும் மில்லுக்கும் இரண்டாவது முறை பணம் போகும். பாதியில் திரை உறைந்துபோனாலும் இதே ஆபத்துதான். முதலில் கணக்கு அறிக்கையைத் திறந்து எது பற்றாகியிருக்கிறது, எதற்கு யு.டி.ஆர். எண் வந்திருக்கிறது என்று பாருங்கள். போகாத அந்த ஒரு வரியை மட்டும், காற்புள்ளியை எடுத்துவிட்டு, வேறு பெயரில் ஒரு புதிய கோப்பாக அனுப்புங்கள்.